வலி இல்லாத நாற்பது நாள்

மட்டன் குழம்பில் எலும்போடு ஒட்டிக்கிடக்கும் கொழுப்புத் துண்டுக்காக எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருஷம் சண்டை நடந்தது. பெரிய சண்டை ஒன்றுமில்லை, சட்டியில் யார் முதலில் கரண்டியை விடுவது என்பதுதான். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். எத்தனையோ டன் சரக்கைத் தூக்கி இறக்கியிருக்கிறேன். அந்தத் துண்டை மட்டும் என் மனைவிக்கு முந்தி ஒரு நாளும் தூக்க முடிந்ததில்லை. நான் தட்டை எடுத்து வைப்பதற்குள் அது அவள் தட்டில் இருக்கும். "ஆம்பளைக்கு இன்னாத்துக்குய்யா கொழுப்பு, ஒனக்கு ஏற்கெனவே கீறது போதாதா?" என்பாள்.

எனக்கு இருந்தது வாய்க்கொழுப்பு. அதை ராயபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். கிரேன் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி என் பேச்சே அதட்டலாகிவிட்டது. ரிட்டையர் ஆகி மூன்று வருஷமான பிறகும் பால் பாக்கெட் கேட்பதைக் கூட நான் கப்பலுக்குக் கட்டளை போடுவது போலத்தான் கேட்பேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் கொஞ்சம் மெதுவாகப் பேசவும், அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்தவனாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

முதல் தடவை அவளுக்கு வலி வந்தது ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு. என்னோடு வேலை பார்த்த தண்டையார்பேட்டை பாய், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மதியப் பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய், கடைசியில் நெய் ஒழுகும் பிரெட் அல்வா. இரண்டாவது தடவை பிரியாணி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாம்மே, கேஸா?" என்றேன்.

"தெரிலய்யா. நெஞ்சுக்குழிகிட்ட யாரோ கைய வுட்டு கெட்டியா புடிச்சினுகீறா மாதிரி கீது."

நான் தெருமுனைக்கு ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன். குடித்தாள், ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. ஓமத்தண்ணி குடித்தாள். அதுவும் கேட்கவில்லை. முதல் அரைமணி நேரத்தில் வலி ஏறிக்கொண்டே போனது. பிறகு ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. விட்டு விட்டு வரும் வயிற்று வலி மாதிரி இல்லை, மூச்சு விட இடம் கொடுக்காத ஒரே வலி. வலது பக்க விலாவுக்குக் கீழே இருந்து கிளம்பி முதுகுக்குப் போய், வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் குத்துகிறது என்றாள். உட்கார்ந்தாலும் இல்லை, படுத்தாலும் இல்லை. வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தாள். முகமெல்லாம் வேர்த்துக்கொட்டியது. வாந்தி எடுத்தாள், எடுத்த பிறகும் குறையவில்லை. பிள்ளை பெற்றவள், பிரசவத்தில் கூட வாயைத் திறக்காதவள். அன்று என் கையைப் பிடித்து, "புடிச்சிக்கோய்யா, புடிச்சிக்கோ" என்று அழுதாள். எனக்கு எதைப் பிடிப்பது என்றே தெரியவில்லை.

மூன்று மணி நேரத்துக்கும் மேல் அப்படி இருந்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வலி போய்விட்டது. அவள் எழுந்து முகம் கழுவி, மிச்சமிருந்த பாலில் காப்பி போட்டுக் கொடுத்தாள். "பாயி வூட்டு பிரியாணில கண்ணு பட்டுட்ச்சி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி வறுவலுக்குப் பிறகு மறுபடி வந்தது. அடுத்தது நெத்திலி வறுவலும் முட்டையும் சாப்பிட்ட அன்று. மூன்றாவது தடவைதான் என் மரமண்டைக்கு எட்டியது. சாதாரணமாகச் சோறும் ரசமும் சாப்பிடும் நாளில் வருவதில்லை, எண்ணெயும் கொழுப்பும் உள்ளே போன நாளில் வருகிறது. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, பல. பெரிதும் சிறிதுமாக.

சர்ஜரி வார்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். மேஜையிலிருந்த துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கத்திரிக்காய் மாதிரி வரைந்தாள்.

"இதுதாம்மா பித்தப்பை. கல்லீரல் சுரக்கிற பித்தநீரை இது சேர்த்து வெச்சிருக்கும். நீங்க கொழுப்பா எதாவது சாப்பிட்டா, அதை ஜீரணம் பண்ண இந்தப் பை சுருங்கி பித்தநீரை வெளியே தள்ளும். அப்படித் தள்ளும்போது கல்லு இந்த வாய்ல வந்து அடைச்சுக்குது. பை சுருங்கப் பார்க்குது, வழி இல்ல. அதுதான் அந்த வலி. கல்லு மறுபடி உள்ள நழுவிட்டா வலி நின்னுடும்."

"அப்ப கல்லு போயிடாதா டாக்டரம்மா?" என்றேன்.

"போகாது. உள்ளேயேதான் இருக்கும். பையோட எடுக்கணும். வயித்துல மூணு நாலு சின்ன ஓட்டை போட்டு எடுத்துடலாம். பை இல்லாம நல்லா வாழலாம்."

அதுவரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னாள். பொரித்ததும் வறுத்ததும் வேண்டாம். நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால், கொழுப்புள்ள கறி வேண்டாம். மீன் சாப்பிடலாம், குழம்பிலோ ஆவியிலோ. தோல் எடுத்த கோழி கொஞ்சம். பாலில் ஆடை எடுத்துவிட வேண்டும். காய், கீரை, பயறு, பழம் நிறைய. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல். பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது, பட்டினி கிடந்தால் பித்தநீர் தேங்கி இன்னும் கல் சேரும். உடம்பு இளைக்கிறேன் என்று ஒரே மாதத்தில் இளைப்பதும் கெடுதல்.

பக்கத்து வீட்டில் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார்கள் என்று என் மனைவி கேட்டதற்கு, "அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்றதும்மா. இது வேற இடம், வேற கல்லு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினா வலி குறையும். கல்லு கரையாது. இதை மட்டும் மறந்துடாதீங்க. வலி வந்து சில மணி நேரத்துல அடங்கலைன்னாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ எதுக்கும் காத்திருக்காம உடனே வந்துடணும்."

தலையை ஆட்டினேன். வலிக்கு மாத்திரையும் ஆபரேஷனுக்கு நாளும் எழுதிக் கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி வரும் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை.

அடுத்த வாரமே திருநீற்றுப் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் கறி, முட்டை, வறுவல் எதுவும் அடுப்பேறாது. என் மனைவியின் அப்பா வீட்டு வழக்கம் அது, எங்கள் வீட்டிலும் அதையே கொண்டுவந்துவிட்டாள். காலையில் இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் கீரையும், ராத்திரிக்குக் கஞ்சி. மீன் வாங்கினால் குழம்பு மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ஒருசந்தி நோன்பு, சிலுவைப்பாதை முடிந்த பிறகுதான் சாப்பாடு. பட்டினி கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "ஆண்டவருக்காக கீற பட்டினி ஒண்ணும் பண்ணாது" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அந்தத் தவக்காலத்தில் அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். நாற்பது நாளும் விடிகாலைப் பூசைக்குப் போவது, வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலத்திலும் முட்டிபோட்டு ஜெபிப்பது, கத்தி இல்லாமல் கல் போக வேண்டும் என்று கேட்பது. ஒரு வாரம் போனது, வலி இல்லை. இரண்டு வாரம், வலி இல்லை. நாலாவது வாரம் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, வேண்டுதலில் சுகமானேன் என்று சாட்சி சொன்னாள். பெண்கள் எல்லோரும் அவள் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். வந்து சொல்லும்போது வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது.

எங்கள் வீட்டு அடுப்பில் நாற்பது நாளாக வெந்தது என்ன என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்ன சாப்பாட்டைத்தான் அவள் சாமிக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொழுப்பு உள்ளே போகவில்லை, பை வலிக்கிற அளவுக்குச் சுருங்கவில்லை, கல் வாய்க்கு வரவில்லை. இவ்வளவுதான் கணக்கு. சின்னப் பிள்ளைக்கும் புரியும். எனக்குப் புரியவில்லையா, புரிந்துகொள்ள மனமில்லையா என்று இன்று வரை எனக்கே தெரியாது. கத்தி என்றால் எனக்குப் பயம். வயிற்று ஆபரேஷனுக்கு உள்ளே போன என் தம்பி வெளியே வரவில்லை. அவளை ஆபரேஷன் தியேட்டரின் அந்தப் பச்சைக் கதவுக்குள் அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆண்டவரே காரணம் கொடுத்துவிட்டார் என்று பிடித்துக்கொண்டேன். அவள் நம்பினாள். நான் பயத்துக்கு நம்பிக்கை என்று பேர் வைத்தேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளைக் கூட்டிப்போகவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றேன். டாக்டர் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "வலி இல்லையா? என்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அதனாலதான் ஐயா வலி இல்ல. கல்லு அப்படியேதான் இருக்கு. வேணும்னா இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம், அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"நாப்பது நாளா ஒரு வலி கெடயாதும்மா. நீ குடுத்த மாத்திரை கூட துன்னல. நீ சின்னப் பொண்ணு, ஒனக்கு சாமி நம்பிக்கை இல்ல, அதான் ஒனக்குப் புரில!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அப்படி. அவள் கோபப்படவில்லை. "நானும் கும்பிடுறவதான் ஐயா. ஈஸ்டர் முடிஞ்ச வாரம் ஒரு நாள் போடட்டுமா?" என்றாள். "வேணும்னா நாங்களே வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஜெயித்த மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் கோயில் ஆபீசில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தோம். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, காலை முதல் பூசை. அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் பேர் போட்டு, 'பித்தப்பைக் கல் நோயிலிருந்து பூரண சுகம் கிடைத்ததற்கு நன்றியாக' என்று எழுதினேன். "பூரணன்னு போட்டியா?" என்று எட்டிப் பார்த்தாள்.

ஈஸ்டர் அன்று மகளும் மாப்பிள்ளையும் எர்ணாவூரிலிருந்து வந்தார்கள். பிரியாணி, மட்டன் குழம்பு, பன்றிக்கறி வறுவல், கட்லட். நாற்பது நாள் கறி வாசம் இல்லாமல் கிடந்த சமையல்கட்டு மணத்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவள், முதலில் தயிரும் சோறும்தான் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பயம் இருந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. சுகமாகிவிட்டதென்று சொல்லிவிட்டுப் பயப்படுவதா? சட்டியில் கரண்டியை விட்டுத் தேடி, எலும்போடு ஒட்டிய கொழுப்புத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நான் முந்திக்கொண்டேன்.

"துன்னும்மே. பண்டிகையும் அதுவுமா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சந்தோஷமான பார்வை. துண்டைச் சப்பிச் சாப்பிட்டாள். பிரியாணியும் போட்டுக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு வலி வந்தது. மகளுக்குத் தெரியக்கூடாதென்று பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டாள். நான் கதவைத் தட்டியபோது, "ஒண்ணும் இல்லய்யா, கோச்சிக்காத" என்றாள். கோபம் எங்கே வந்தது? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "சாட்சி சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா தெரு இன்னா சொல்லும்? எப்பவும் மூணு நாலு மணி நேரம்தானே, போயிடும்" என்றாள். எனக்கும் அந்த டாக்டர் பெண்ணின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. காத்திருந்தோம்.

போகவில்லை. மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பாமல் தங்கிவிட்டார்கள். இந்த வலி வேறு மாதிரி இருந்தது. நெஞ்சுக்குழியில் தொடங்கிப் பட்டை கட்டிய மாதிரி முதுகைச் சுற்றியது. முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்க முடிந்தது. வாந்தி நிற்கவே இல்லை. உடம்பு கொதித்தது. விடிந்ததும் மகள் ஜன்னலைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நைனா, அம்மா கண்ணப் பாரு" என்றாள். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன மூன்றும் ஒன்றாக வந்திருந்தன. ஒரு ராத்திரியை வெட்கத்துக்குக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

பையிலிருந்து ஒரு சின்னக் கல் நழுவிப் பித்தக்குழாயின் அடியில் போய் மாட்டியிருந்தது. கணையத்தின் குழாயும் அங்கேதான் வந்து சேர்கிறதாம். இரண்டும் அடைபட்டு, கணையம் வீங்கி வெந்துவிட்டது என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். கல் போய்விட்டது, கெடுதல் நின்றுவிடவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது. நாலாம் நாள் மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள்.

அந்த டாக்டர் பெண் தினமும் வந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் ஊட்டுனதாலதானேம்மா?" என்று நானே கேட்டேன். "அந்தத் துண்டு இல்லன்னாலும் இன்னொரு நாள் கல்லு நழுவியிருக்கலாம் ஐயா, சொல்ல முடியாது" என்றாள். நல்ல பெண். ஆனால் பையை எடுத்திருந்தால் நழுவ அங்கே கல்லே இருந்திருக்காது என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மிஷின் வைப்பதற்கு முன்னால் என் மனைவி என்னிடம் கடைசியாகப் பேசியது பூசையைப் பற்றி. "ஞாயித்துக்கிழம பூசைக்கு நீயாவது போய்யா. எழுதிக் குடுத்துட்டு போவாத இருந்தா தப்பு." சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அவள் போய்விட்டாள். மகளை அங்கே உட்காரவைத்துவிட்டு, துக்க மணி அடிக்கச் சொல்லவும் அடக்கத்துக்குப் பேசவும் நான் கோயிலுக்கு நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது எந்த ஞாயிறு என்று அப்போது எனக்கு நினைவில்லை. உள்ளே முதல் பூசைக்கு ஜனம் நிறைந்திருந்தது. ஃபாதர் இன்னும் பீடத்துக்கு வரவில்லை. பின்வரிசைத் தூணோரம் நின்றேன். உபதேசியார் மைக்கில் அன்றைய பூசைக் கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். இறந்துபோன இரண்டு பேரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒரு பிள்ளையின் பரீட்சைக்காக. பிறகு என் மனைவியின் பேர். 'பித்தப்பைக் கல் நோயிலிருந்து பூரண சுகம் கிடைத்ததற்கு நன்றியாக.'

நான் எழுதின வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை.

அன்பியத்துப் பெண் ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். அவள் ஆறு நாளாக ஊரில் இல்லை போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னாண்ணா, தனியா வந்துகீற? எங்க அக்கா?" என்று கேட்டாள்.

கப்பலுக்குக் கேட்கிற குரல், பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்கிற அளவுக்குக் கூட எழும்பவில்லை. அதற்குள் மணி அடித்து எல்லோரும் எழுந்து நின்றார்கள், பாட்டு தொடங்கியது. பூசைக்குப் போ என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அதனால் முழுப் பூசையும் நின்றேன், அவள் பேரில் நன்றி சொன்ன பூசையில். முடிந்த பிறகுதான் பீடத்துக்குப் பின்னாலிருந்த சக்ரிஸ்திக்குள் போய், துக்க மணி அடிக்கச் சொன்னேன்.